மெத்தில் ஆரஞ்சு ஏன் 7 மில்லியிலேயே மஞ்சளானது?

கேள்வி: 0.1 M அசிட்டிக் அமிலம் 25 மி.லி. எடுத்து, 0.1 M NaOH கொண்டு தரம்பார்த்தேன். மெத்தில் ஆரஞ்சு போட்டதில் ஏழு, ஏழரை மில்லிக்குள்ளேயே முழுக்க மஞ்சளாகிவிட்டது. அப்புறம் pH மீட்டர் வைத்து வளைகோடு வரைந்தேன். அது 25 மில்லியில்தான் செங்குத்தாக ஏறுகிறது, ஆனால் அங்கே pH 8.7 காட்டுகிறது. நடுநிலை என்றால் 7 அல்லவா வர வேண்டும்? என் மீட்டர் தவறா, கரைசல் தவறா? எந்த நிறங்காட்டி போட்டிருக்க வேண்டும்?

பதில்: மீட்டரும் சரி, கரைசலும் சரி. நிறங்காட்டி மட்டும்தான் இந்த வேலைக்குப் பொருந்தாதது. ஏன் என்பது நீங்கள் வரைந்த வளைகோட்டிலேயே இருக்கிறது, இடமிருந்து வலமாக அதைப் படித்துப் பார்ப்போம்.

தொடக்கத்தில் pH சுமார் 2.9. முதல் இரண்டு மில்லிக்குள் கோடு ஓரளவு வேகமாக ஏறி 3.7 அருகே வருகிறது. அதற்கப்புறம் படுத்துக்கொள்கிறது. சுமார் 2.3 மில்லியிலிருந்து 22.7 மில்லி வரை, அதாவது இருபது மில்லிக்கும் மேல் காரம் ஊற்றியும், pH 3.76-இலிருந்து 5.76-க்குத்தான் நகர்கிறது. இதுதான் தாங்கல் பகுதி. இங்கே குடுவைக்குள் அசிட்டிக் அமிலமும், அது காரத்தோடு வினைபுரிந்து உண்டான அசிட்டேட்டும் சேர்ந்தே இருக்கின்றன. நீங்கள் விடும் ஒவ்வொரு சொட்டு OH⁻ அயனியையும் மீதமுள்ள அமிலம் வாங்கிக்கொண்டு அசிட்டேட்டாக மாறுகிறது. pH-ஐ முடிவு செய்வது இந்த இரண்டின் விகிதம்:

```
pH = pKa + log([அசிட்டேட்] / [அசிட்டிக் அமிலம்])
```

விகிதம் பத்துக்கு ஒன்று என்பதிலிருந்து ஒன்றுக்குப் பத்து என்று மாறினாலும் pH இரண்டு அலகுதான் நகரும். அதனால்தான் கோடு படுத்திருக்கிறது. சரியாக 12.5 மில்லியில் இரண்டும் சமம், log 1 பூஜ்யம், ஆக அங்கே காட்டும் pH-தான் pKa. உங்கள் வரைபடத்தில் அந்த இடத்தைப் பாருங்கள், 4.76-ஐ ஒட்டி இருந்தால் மீட்டரை நம்பலாம். நான் எந்த வளைகோட்டைப் பார்த்தாலும் முதலில் சரிபார்ப்பது இந்தப் புள்ளியைத்தான்.

இனி மெத்தில் ஆரஞ்சு. அது 3.1-இல் சிவப்பிலிருந்து மாறத் தொடங்கி 4.4-இல் முழு மஞ்சளாகிறது. pH 4.4 என்பதை மேலே உள்ள சமன்பாட்டில் போட்டால் விகிதம் 0.44 வரும், அதாவது அமிலத்தில் 30.4 சதவீதம்தான் தீர்ந்திருக்கிறது. 25 மில்லியில் 30.4 சதவீதம் 7.6 மி.லி. நீங்கள் பார்த்தது அச்சாக அதே இடம். நிறம் சட்டென்று மாறியிருக்காது, முதல் அரை மில்லியில் தொடங்கி ஆரஞ்சாக இழுத்துக்கொண்டே போயிருக்கும். நிறமாற்றம் ஒரு சொட்டில் நடக்காமல் மில்லி கணக்கில் இழுத்தால், அந்த நிறங்காட்டி தாங்கல் பகுதிக்குள் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். மீட்டர் இல்லாதவர்களுக்கும் இது ஒன்றே போதுமான எச்சரிக்கை.

pH 7 பற்றிய சந்தேகத்துக்கு வருவோம். சமானப் புள்ளி என்றால் அமிலமும் காரமும் மோல் கணக்கில் சமமாகிவிட்ட இடம், அவ்வளவுதான். அங்கே pH 7 ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. 25 மில்லியில் குடுவையில் இருப்பது 0.05 M சோடியம் அசிட்டேட் கரைசல். அசிட்டேட் ஒரு வலிமை குறைந்த காரம், நீரிலிருந்து கொஞ்சம் H⁺ பிடுங்கிக்கொண்டு OH⁻-ஐ விட்டுவிடும். கணக்குப் போட்டால் 8.73 வருகிறது. வலிமைமிகு அமிலத்தை வலிமைமிகு காரத்தோடு தரம்பார்த்தால்தான் 7.

அந்தச் செங்குத்துப் பகுதியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். 24.8 மில்லியில் 6.85, 24.9-இல் 7.16, 25.0-இல் 8.73, 25.1-இல் 10.30, 25.2-இல் 10.60. ஒவ்வொரு 0.1 மில்லிக்கும் ஏறும் அளவு 0.31, 1.57, 1.57, 0.30. ஏற்றம் அதிகமாக உள்ள இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில், 25.0-இல், சமானப் புள்ளி இருக்கிறது. கண்ணால் குத்துமதிப்பாக வைப்பதைவிட இப்படிக் கழித்துப் பார்ப்பது நம்பகமானது. ஆனால் அதற்கு 24 மில்லிக்கு மேல் 0.1 மி.லி. வீதம் அளவெடுக்க வேண்டும். ஒரு மில்லிக்கு ஒரு முறை எடுத்தால் மொத்தச் சுவரும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மறைந்துபோகும்.

நிறங்காட்டித் தேர்வுக்கான விடையும் இந்த எண்களிலேயே இருக்கிறது. நிறங்காட்டி மாறும் pH எல்லை முழுவதும் அந்தச் சுவருக்குள் அடங்க வேண்டும், முடிந்தால் 8.7-ஐ ஒட்டி. ஃபினாப்தலீன் சுமார் 8.2-இல் இளஞ்சிவப்பு காட்டத் தொடங்கும், 10-இல் நிறம் முழுமையாகும். இந்த இரண்டு அளவுகளும் 25 மில்லிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒரு சொட்டுக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே உங்களுக்கு அதுதான். புரோமோதைமால் நீலம் போட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அது 6.0 முதல் 7.6 வரை மாறும். 23.6 மில்லியிலேயே மஞ்சள் மங்கத் தொடங்கும், பச்சை தெரிகிற pH 7-இல் நிறுத்தினால் 24.86 தான் கிடைக்கும். 0.14 மில்லி பிழை சின்னதாகத் தெரியலாம். ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை, எந்தப் பச்சையில் நிறுத்துவது என்று உங்களுக்கே தெரியாது.

இதே மெத்தில் ஆரஞ்சு ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். அங்கே தாங்கல் பகுதி கிடையாது, 24.9-இல் 3.7 ஆக இருக்கும் pH 25.1-இல் 10.3-க்குப் போய்விடும், முழு மஞ்சள் வரும்போது நீங்கள் சுவரின்மேல் இருப்பீர்கள். அமோனியாவை HCl கொண்டு தரம்பார்த்தால் சமானப் புள்ளி 5.3 அருகே விழும், அதற்கு மெத்தில் சிவப்பு. அசிட்டிக் அமிலத்தை அமோனியாவோடு தரம்பார்க்க முயன்றால் சுவரே இருக்காது. எந்த நிறங்காட்டியும் உதவாது, வேறு முறைதான் தேட வேண்டும்.

ஃபினாப்தலீனோடு மீண்டும் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். 24 மில்லி தாண்டியதும் சொட்டு விழுகிற இடத்தில் இளஞ்சிவப்புச் சுருள் ஒன்று தோன்றி, குடுவையைச் சுழற்றினால் கரைந்துவிடும். அது கரைய எடுக்கும் நேரம் நீளநீள, சொட்டுச் சொட்டாக இறங்குங்கள். மிக வெளிறிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவு நிலை. அதற்கப்புறம் மெல்ல மங்கினால் பதறி இன்னொரு சொட்டு விடாதீர்கள், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து pH-ஐ இறக்குகிறது. கொதிக்க வைத்து ஆறவைத்த நீரில் கரைசல் தயாரித்தால் இந்தத் தொல்லை குறையும். நிறங்காட்டி இரண்டு மூன்று சொட்டு போதும். அதுவே ஒரு வலிமை குறைந்த அமிலம், தாராளமாக ஊற்றினால் அதுவும் உங்கள் காரத்தைக் கொஞ்சம் குடித்துவிடும்.