கடையில் 10 பாக்கெட் கூடினால் கம்பெனி ஆர்டர் ஏன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது?

கேள்வி: கடை விற்பனை லேசாகத்தான் ஏறி இறங்குது. கம்பெனிக்குப் போற ஆர்டர் மட்டும் ஏன் இப்படித் தாறுமாறா ஆடுது?

ஒவ்வொருவரும் தனக்கு வந்த ஆர்டரை மட்டும் பார்ப்பதால்தான். கடையிலிருந்து கம்பெனி வரை போகப் போக ஆர்டரின் ஆட்டம் பெரிதாவதைப் புல்விப் எஃபெக்ட் என்பார்கள். பி அண்ட் ஜி நிறுவனம் டயப்பரில் இதைக் கவனித்தது; குழந்தைகளின் தேவை வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாது, ஆர்டர்தான் ஆடியது.

மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக் கடையில் வாரம் 100 பாக்கெட் டயப்பர் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் இரண்டு வார ஸ்டாக்காக 200 வைத்திருப்பார். ஒரு வாரம் 110 போனது. கையில் மிச்சம் 90. இனி வாரம் 110 ஓடும் என்று நினைத்தால் 220 வேண்டும், ஆகவே 130 கேட்பார்.

நாகர்கோவில் டிஸ்ட்ரிபியூட்டரும் அதே 200, அதே கணக்கு. 130 அனுப்பியதும் மிச்சம் 70, தேவை 260. கம்பெனிக்கு 190 ஆர்டர் போகிறது! கடையில் கூடியது 10 சதவீதம், அங்கே 90.

அடுத்த வாரம் விற்பனை மறுபடி 100. கடைக்காரரிடம் 220 இருந்து 120 ஆகும். 80 மட்டும் கேட்பார். டிஸ்ட்ரிபியூட்டரிடம் இருந்த 260-ல் 80 போய் 180 நிற்கும், தேவையோ 160. கம்பெனிக்கு ஆர்டரே இல்லை. யாரும் பேராசைப்படவில்லை, கணக்கும் தப்பில்லை.

ஆஃபர், பதுக்கல் எல்லாம் இதை இன்னும் கூட்டும். கடையின் பில் கணக்கை டிஸ்ட்ரிபியூட்டரும் கம்பெனியும் நேரடியாகப் பார்த்தால் ஆட்டம் நன்றாகக் குறையும். சரக்கு வந்து சேர நாளாகும்வரை முழுசாக நிற்காது.