முன்னால் வைக்கும் இலை லென்ஸுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்?

கேள்வி: பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகையைக் கிளைகளுக்கு நடுவே எடுத்துப் பார்த்தேன். படத்தில் ஆழம் வரவில்லை, இலை குறுக்கே நிற்கிற மாதிரிதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பெரும்பாலும் இலை தூரத்தில் இருப்பதுதான் காரணம். அரைகுறையாக மங்கிய இலையில் நரம்பும் ஓரமும் பாதி தெரியும், கண் அங்கேயே போய் நிற்கும். வடிவமே கரைந்து வெறும் பச்சை நிறமாக மாறினால்தான், அதைத் தாண்டி எதையோ பார்க்கிறோம் என்ற உணர்வு வரும்.

50 மி.மீ. லென்ஸ், ஏபிஎஸ்-சி கேமரா, அபர்ச்சர் f/2.8 என்று வைத்துக்கொள்வோம். ஃபோகஸ் தொலைவில் உள்ள மாளிகை மேல். இலை ஒன்றரை மீட்டரில் இருந்தால், அதன் ஒவ்வொரு புள்ளியும் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான் பரவும். அதே இலை 30 செ.மீ.க்கு வந்தால் எட்டில் ஒரு பங்கு. மாளிகை முழுக்கத் தெளிவாக வேண்டும் என்று f/8க்குப் போனால் இந்தப் பரவல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்போது இலையை இன்னும் கிட்டே, 10 செ.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால் பழைய மங்கல் திரும்பக் கிடைக்கும். 24 மி.மீ. லென்ஸில் அதே தூரம், அதே f எண்ணுக்குக் கால் பங்கு மங்கல்தான் வரும். அகல லென்ஸை வைத்துக்கொண்டு இதற்குப் போராட வேண்டாம்.

இலையைப் பறித்துப் பிடிக்காதீர்கள். தாழ்ந்த கிளை இருக்கும் இடமாகப் பார்த்து நீங்கள் போய் நில்லுங்கள்.

சரி, எந்த இலை? நிழலில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வெயில் பட்ட இலை மங்கினால் வெளிறிய மஞ்சள் திட்டாகி மாளிகையோடு போட்டி போடும். நிழல் இலை கரும்பச்சையாக ஒதுங்கிக்கொள்ளும், வெயிலில் நிற்கிற வெள்ளை இரும்புச் சட்டங்கள் தனியாக எழும். மங்கிய ஓரம் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் என்பதால், அது விழும் இடத்தில் பின்னால் இருப்பது லேசாக மங்கிப்போகும். எனவே நடு முகப்பின் மேல் அது படாமல் மேல் மூலையிலும் ஒரு பக்கத்திலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மலர்க் கண்காட்சி சமயத்தில் நான் அடிப்பக்கமும் கொஞ்சம் வைப்பேன், கூட்டத்தின் தலைகள் அதற்குள் மறைந்துவிடும்.

ஆட்டோ ஃபோகஸ் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் இலையையே பிடிக்கும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்றி, அந்தப் புள்ளியை மாளிகையின் சட்டத்தில் வையுங்கள். அப்புறம், டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர் லென்ஸ் முழுதாகத் திறந்த நிலையைத்தான் காட்டும். f/8இல் எடுக்கும்போது கண்ணுக்குத் தெரிந்ததைவிட இலை கூர்மையாகப் பதிவாகும். ஒரு படம் எடுத்ததும் திரையில் பெரிதாக்கி இலை ஓரத்தைப் பாருங்கள். நரம்பு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கிளையை நோக்கி நகருங்கள்.

செல்போன் என்றால் சென்சார் சிறியது, மங்கல் குறைவு. இலை லென்ஸை உரசுகிற அளவுக்கு வந்தால்தான் ஓரளவு கிடைக்கும்.