போர்ட்ஃபோலியோவின் ஒய்டிஎம்மும் பாண்டுகளின் சராசரி யீல்டும்: கேள்வி பதில்

கூப்பன் இல்லாத பாண்ட் இரண்டு. ஓராண்டு 5%, பத்தாண்டு 8%. தலா 50 லட்சம். யீல்டுகளின் சராசரி 6.5% வருது, ரெண்டையும் சேர்த்து ஒய்டிஎம் போட்டா எக்ஸெல் 7.73% காட்டுது. எது தப்பு சார்?

ரெண்டுமே சரிதான். முதல் பாண்ட் ஓராண்டில் 52.5 லட்சம் தந்துவிட்டு விலகிவிடும். அதன்பின் ஒன்பது வருடம் 8% பணம் மட்டுமே உழைக்கிறது. சராசரி இன்றைய ரூபாயை மட்டும் எண்ணும். ஒய்டிஎம் அந்த ரூபாய் எத்தனை வருடம் உழைக்கிறது என்பதையும் எண்ணும். 5%க்கு ஒரு பங்கு, 8%க்குப் பத்துப் பங்கு என்று எடை போடுங்கள்: (5 + 80) / 11, அதாவது 7.73. இது தோராயக் கணக்குதான். யீல்டுகள் ரொம்ப விலகியிருந்தால் சற்றுப் பிசகும்.

அதே கணக்குல எனக்கு 33% வருதே!

இடையிலுள்ள எட்டு வருடங்களைக் காலியாக விட்டிருப்பீர்கள். ஒய்டிஎம் கணக்கிடும் எக்ஸெலின் IRR ஃபார்முலா காலிக் கட்டங்களைத் தாண்டிப் போய்விடும். அதனால் பத்தாம் வருடப் பணம் இரண்டாம் வருடமே வந்ததாக ஆகிவிடுகிறது. A1இல் -100, A2இல் 52.5, A3 முதல் A10 வரை 0, A11இல் 107.946 என்று போட்டுப் பாருங்கள்.

```
=IRR(A1:A11)
```

வித்தியாசத்துக்குக் காரணம் மறுமுதலீடுதானே?

பாதி சரி. வித்தியாசம் வருவது காலத்தால். அந்த 7.73% உங்கள் கைக்கு வருமா என்பதுதான் மறுமுதலீட்டைப் பொறுத்தது. 52.5 லட்சத்தை மீதி ஒன்பது வருடமும் 5%இலேயே போட்டால் அது 81.4 லட்சமாகும். மொத்தம் 189.4 லட்சம், பத்தாண்டுக்கு வருடம் 6.59% மட்டுமே. 7.73% வேண்டுமென்றால் அந்தப் பணத்தையும் 7.73%இல் போட்டாக வேண்டும்.

முகமதிப்பை வெயிட்டா எடுத்தேன். சராசரியே 7.02% ஆயிடுச்சு.

முகமதிப்பு வேண்டாம். இன்றைய சந்தை விலையோடு சேர்ந்த வட்டியையும் கூட்டி எடை போடுங்கள். தள்ளுபடி விலையில் கிடைக்கும் நீண்ட பாண்டுக்கு முகமதிப்பு வீண் எடை கொடுத்துவிடும். உங்கள் கணக்கில் நடந்தது அதுதான்.

என் டெப்ட் ஃபண்ட் ஃபேக்ட்ஷீட்ல 7.4% போட்டிருக்கு. அது கிடைக்கும்ல?

உறுதி சொல்ல முடியாதுங்க. அங்கே போடுவது பொதுவாக எடையிட்ட சராசரி. அதிலிருந்து ஃபண்டின் செலவு விகிதம் கழியும். யீல்டு ஏறினால் என்ஏவியும் அடிபடும்.

அப்போ வாடிக்கையாளர் அறிக்கையில எதைக் காட்டணும்? எங்க டீம்ல தினம் சண்டை.

யீல்டுகள் மாறாமல் இருந்தால் அடுத்த ஒரு வருடத்தில் 100 லட்சம் 106.5 லட்சமாகும். அந்தக் கேள்விக்குச் சராசரியே துல்லியமான பதில். குறிப்பிட்ட தேதிகளில் கட்ட வேண்டிய கடனுக்கு எதிராக வைத்திருக்கும் போர்ட்ஃபோலியோ என்றால் நான் ஒய்டிஎம்மைக் காட்டுவேன். இதை ஏற்காதவர்களும் உண்டு. முதிர்ச்சிகள் இவ்வளவு விலகியிருக்கும்போது ஒற்றை எண்ணே தவறான படம் தரும் என்பது அவர்கள் வாதம். அதை என்னால் முழுக்க மறுக்க முடியவில்லை.