டிவியில் பார்க்கும் முதல் நாடகம்

கேள்வி: வீட்டில் நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். சினிமா நிறைய பார்ப்போம், ஆங்கிலத் தொடர்களை சப்டைட்டிலோடு பார்க்கும் பழக்கமும் உண்டு. மேடை நாடகம் மட்டும் நேரில்கூடப் பார்த்ததில்லை. போன வாரம் யூடியூபில் ஒரு நாடகப் பதிவைப் போட்டோம். எல்லோரும் கத்திப் பேசினார்கள், ஒரே அறையிலேயே கதை ஓடியது. பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டோம். எந்த மாதிரி பதிவிலிருந்து தொடங்கினால் எங்களுக்குப் பிடிக்கும்?

பதில்: நீங்கள் பார்த்த நாடகம் நல்ல நாடகமாகவே இருந்திருக்கலாம். பதிவு சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல நாடகமும் பத்து நிமிடம் தாங்காது. அதனால் நாடகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், அதை எப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பழகுங்கள்.

மேடையில் நடிப்பவர் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறார். குரல், கை வீச்சு, புருவம் எல்லாமே அந்தத் தூரத்துக்கு ஏற்ற அளவில் இருக்கும். அதே நடிப்பை நாலடி தூரத்திலிருந்து பார்ப்பதுபோல டிவியில் பார்த்தால் கத்துவது மாதிரி தெரியும். நல்ல பதிவில் இந்த முரண்பாட்டைச் சமாளிக்க ஒரு ஏற்பாடு இருக்கும். கேமரா எப்போது கிட்டே போக வேண்டும், எப்போது விலகி முழு மேடையையும் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே ஒத்திகை பார்த்து முடிவு செய்திருப்பார்கள். மோசமான பதிவில் ஒரே கேமரா அரங்கின் பின்பக்கம் நின்று, நாடகம் முடியும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்.

நாடகங்களைப் பதிவு செய்யும் வேலையில் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு குழுவுக்காக அப்படித்தான் கடைசி வரிசையில் ஒரு கேமராவை வைத்து, அதிலிருந்த மைக்கையே நம்பிப் பதிவு செய்தோம். அன்று அரங்கம் அதிர்ந்தது, சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் நடிகர்களின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தது. கேமராவுக்கு முன்னால் இருமியவரின் இருமல் மட்டும் துல்லியமாகக் கேட்டது. அந்தக் குழுவின் ஆறு மாத உழைப்பை நான் வீணாக்கிவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. ஆளை முதலில் விரட்டுவது படம் அல்ல, ஒலிதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே, ஒரு பதிவைத் தேர்வு செய்யும் முன் மூன்று நிமிடச் சோதனை ஒன்று செய்து பாருங்கள். தொடக்கத்தைப் பார்க்காதீர்கள், தொடக்கம் எல்லாவற்றிலும் அழகாகத்தான் இருக்கும். இருபதாவது நிமிடத்துக்குத் தள்ளிப் போய் மூன்று நிமிடம் பாருங்கள். ஒரு நடிகர் உங்களுக்கு முதுகைக் காட்டியோ, மேடையின் பின்பக்கம் போயோ பேசும்போது வார்த்தை முழுசாகக் கேட்கிறதா? இரண்டு பேர் பேசும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிகிறதா, இல்லை தலைகள் மட்டும் மாறி மாறி வருகின்றனவா? அரங்கில் இருப்பவர்கள் சிரிப்பதும் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பதும் உங்களுக்குக் கேட்கிறதா?

கடைசிக் கேள்விதான் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு மிக முக்கியம். மேடை நடிகர் பார்வையாளரின் சிரிப்புக்காகக் காத்திருந்து அடுத்த வரியைச் சொல்கிறார். சிரிப்பு நீண்டால் அவரும் நீட்டுவார். பதிவில் அந்தச் சிரிப்பு இல்லையென்றால், அவர் காத்திருக்கும் இடமெல்லாம் வசனம் மறந்து நிற்பதுபோலத் தோன்றும். சிரிப்பு கேட்டால் அவர் யாருக்காக அவ்வளவு உரக்கப் பேசுகிறார் என்பதும் விளங்கிவிடும். இரண்டு நிமிடத்தில் உங்கள் காது அதற்குப் பழகிவிடும். அதனால் முதல் நாடகம் நகைச்சுவையாக இருக்கட்டும், பார்வையாளர் சத்தத்தோடு இருக்கட்டும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது லண்டன் நேஷனல் தியேட்டரின் ‘ஒன் மேன், டூ கவ்னர்ஸ்’. அந்த அரங்கு 2009 முதல் தன் நாடகங்களைப் பல கேமராக்களால் படம்பிடித்து, ‘நேஷனல் தியேட்டர் லைவ்’ என்ற பெயரில் திரையரங்குகளுக்கு அனுப்புகிறது. இந்த நாடகம் 2011-இல் பதிவானது. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்காக அவர்கள் யூடியூபில் இலவசமாகக் கொடுத்த வரிசையில் முதல் நாடகமும் இதுதான். அவர்களுடைய ‘நேஷனல் தியேட்டர் அட் ஹோம்’ பணம் கட்டிப் பார்க்கும் தளம், இப்போது அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் ஒரே சிக்கல், முதல் கால் மணி நேரம். ஒரு நிச்சயதார்த்த விருந்தில் பல பேர் ஒரே சமயத்தில் வருவார்கள், பெயர்கள் குழப்பும், பிரிட்டிஷ் உச்சரிப்பும் வேகமாக இருக்கும். பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். கதையின் முடிச்சை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இந்தப் பாரம் இறங்கிவிடும். 1963, பிரைட்டன் நகரம். ரோஸ்கோ என்ற ரவுடி கொல்லப்பட்டுவிட்டான், கொன்றவன் அவனுடைய இரட்டைச் சகோதரி ரேச்சலின் காதலன் ஸ்டான்லி. ரேச்சல் ரோஸ்கோ வேஷம் போட்டுக்கொண்டு, அவனுக்கு வர வேண்டிய பணத்தை வசூலிக்க வருகிறாள். அவளிடம் வேலைக்குச் சேர்ந்திருப்பவன் பிரான்சிஸ், ஜேம்ஸ் கார்டன் நடித்த பாத்திரம். எந்நேரமும் பசியோடிருக்கும் ஆள். அதே ஊரில் ஒளிந்திருக்கும் ஸ்டான்லியிடமும் வயிற்றுப்பாட்டுக்காக வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான். இரண்டு முதலாளிகளும் சந்தித்துவிட்டால் குட்டு உடைந்துவிடும். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதை நாடகமே பார்த்துக்கொள்ளும்.

பிரான்சிஸ் முன்வரிசைக்காரர்களோடு பேசுவான், சாண்ட்விச் இருக்கிறதா என்று கேட்பான், பெட்டி தூக்க ஆள் கூப்பிடுவான். அப்போது கேமரா அரங்கையும் காட்டும். நீங்கள் ஓர் அறைக்குள் நடக்கும் கதையை எட்டிப் பார்க்கவில்லை, அந்தக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது அங்கே புரிந்துவிடும். இடைவேளைக்கு முன் வரும் விருந்துக் காட்சியை எப்படியாவது எட்டிவிடுங்கள். இரண்டு முதலாளிகளுக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு பரிமாற வேண்டும், ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது, நடுவில் தனக்கும் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கூட உதவிக்கு, கை நடுங்கும் வயதான பரிமாறுபவர் ஒருவர். இந்தக் காட்சிக்கு ஆங்கிலமே தேவையில்லை.

பார்க்கும் விதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். டிவியோடு வரும் ஸ்பீக்கரில் மேடைக் குரல் மெலிந்துபோகும், தனி ஸ்பீக்கர் இருந்தால் இணையுங்கள். இடைவேளை வரும் இடத்தில் நீங்களும் பதினைந்து நிமிடம் எழுந்து போய்க் காபி குடியுங்கள். அந்த இடத்தில் நிற்கும்படிதான் நாடகத்தை எழுதியிருக்கிறார்கள். வேறெங்கும் நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்குத் தாத்தா பாட்டி வந்திருக்கிறார்கள், தமிழிலேயே வேண்டும் என்றால், கிரேசி மோகனின் ‘சாக்லேட் கிருஷ்ணா’ நல்ல தொடக்கம். மாது என்பவரின் வீட்டுக்குக் கண்ணனே வந்துவிடுகிறான், கண்ணனாக மோகனே நடித்தார். நம் சபா நாடகப் பதிவுகளில் மட்டும் மைக் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. மேடையில் மேலிருந்து சில மைக்குகளைத் தொங்கவிடுவது இங்கே வழக்கம். நடிகர் மைக்குக்குக் கீழே வரும்போது கணீரென்று கேட்கும், இரண்டடி தள்ளிப் போனால் குரல் மங்கிவிடும். எல்லா மைக்குகளின் ஒலியும் வந்து சேரும் அரங்கின் மிக்சர் கருவியிலிருந்து நேரடியாக ஒலியை எடுத்த பதிவில் இந்தக் குறை குறைவாக இருக்கும். கிரேசி மோகன் நாடகங்களில் ஒரு ஜோக்குக்கான சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த ஜோக் வந்துவிடும் என்பதால், ஒலி சுமாராக இருந்தால் பாதி வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும். ஒரே நாடகத்துக்கு இரண்டு மூன்று பதிவுகள் கிடைத்தால், அந்த இருபதாவது நிமிடச் சோதனையை எல்லாவற்றிலும் செய்து, ஒலி தெளிவாக இருப்பதை எடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், இரண்டாவதாக எதைப் பார்க்கலாம்? ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ எடுத்த டேனி பாயில், 2011-இல் நேஷனல் தியேட்டரில் ‘பிராங்கன்ஸ்டைன்’ இயக்கினார். பெனடிக்ட் கம்பர்பாட்ச், ஜானி லீ மில்லர் இருவரும் விஞ்ஞானியாகவும் அவன் படைத்த உயிராகவும் மாறி மாறி நடித்தார்கள், அதனால் இரண்டு பதிவுகள் உண்டு. முதலில் கம்பர்பாட்ச் அந்தப் படைப்பாக வரும் பதிவைப் பாருங்கள் என்பேன். ஆரம்பத்தில் வெகுநேரம் வசனமே கிடையாது. பிறந்த உடம்பு ஒன்று தவழ்ந்து, விழுந்து, நிற்கக் கற்றுக்கொள்வதை மட்டும் பார்ப்பீர்கள். கேமரா தூரத்தில் இருக்கும்போது உடம்பு எவ்வளவு பேசும் என்பதை இந்தக் காட்சியைப் போல வேறொன்றும் காட்டியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் இதில் பாலியல் வன்முறைக் காட்சி ஒன்று இருக்கிறது. மகளோடு சேர்ந்து பார்ப்பதா என்பதை முதலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கத்துவதுதான் இன்னும் உறுத்துகிறது என்றால், இயன் மெக்கெல்லனும் ஜூடி டென்சும் நடித்த ‘மேக்பெத்’தைத் தேடுங்கள். இயக்குநர் டிரெவர் நன் 1976-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்போர்டில் தகரக் கொட்டகை போன்ற ஒரு சின்ன அரங்கில் போட்ட நாடகம் அது. 1979-இல் வெளியான தொலைக்காட்சிப் பதிவைப் பார்வையாளர் இல்லாமல் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். சுற்றிலும் இருட்டு, நடுவில் முகங்கள் மட்டும். ஷேக்ஸ்பியரின் பழைய ஆங்கிலம் கடினம்தான், கதையைத் தமிழில் படித்துவிட்டு உட்காருங்கள். கணவனும் மனைவியும் கொலையைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர்கள் கிசுகிசுப்பதைக் கேட்க, நீங்களே டிவியின் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கும்.