எச்சில் வடிக்கும் பூனைக்குப் பல் தேய்க்கலாமா?

"டாக்டர், எங்கள் பூனைக்கு ஏழு வயது. சில மாதங்களாக வாய் நாறுகிறது. பத்து நாளாக எச்சிலும் வடிகிறது. பசியோடு ஓடி வந்து இரண்டு வாய் தின்றுவிட்டு விலகிவிடுகிறது. எங்கள் பேஸ்ட்டால் பல் தேய்த்துவிடலாமா?"

இப்போது வேண்டாம். பசி இருந்தும் தின்ன முடியவில்லை என்றால் அதற்கு வாய் வலிக்கிறது என்று அர்த்தம். புண்ணான ஈறில் பிரஷ் பட்டால் வலி கூடும். அப்புறம் குணமான பிறகும் அது உங்களை வாயைத் தொட விடாது.

நல்ல வெளிச்சத்தில் உதட்டை மட்டும் மெல்ல உயர்த்திப் பாருங்கள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சிவப்புக் கோடு தெரிந்தால் ஈறு அழற்சி. மேல் கடைவாய்ப் பல்லில் பழுப்பாக ஒட்டியிருப்பது காரை. பல்லின் அடியில் சிறு குழி விழுந்து, அதன்மேல் ஈறு ஏறி வளர்ந்திருந்தால் பல் உள்ளேயே கரைந்துகொண்டிருக்கலாம். பூனைகளுக்கு இது அடிக்கடி வரும். மனிதர்களின் சொத்தைப் பல் மாதிரி இதை அடைக்க முடியாது, பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு பூனை கிண்ணத்தைப் பார்த்தே உறுமும், தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக மெல்லும். வீட்டில் அதை அடம் என்றே நினைத்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தபோது கீழ்த்தாடையில் இரண்டு பற்களின் வேர் கரைந்திருந்தது. இரண்டையும் எடுத்தோம். புண் ஆறியதும் உறுமல் நின்றது, உலர்தீவனமும் தின்றது.

இரண்டு மூன்று நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், சிறுநீரகம் கெட்டாலும் வாய் நாறும், வாயில் புண் வரும். ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னாவிட்டால் காத்திருக்க வேண்டாம். வலிக்கென்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனையின் உயிரையே எடுத்துவிடும். எச்சிலோடு நடத்தையும் மாறியிருந்தால், விழுங்க முடியாமல் திணறினால், வாயில் கை வைக்காதீர்கள். ரேபிஸாகவும் இருக்கலாம். பூனையைத் தனியாக அடைத்து வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

புண் ஆறி, மருத்துவர் சரி என்றதும் தேய்க்கத் தொடங்கலாம். நம் பேஸ்ட் கூடாது. பூனை துப்பாது, விழுங்கிவிடும், அதிலுள்ள ஃப்ளோரைடு அதற்கு ஆகாது. பூனைக்கென்றே கோழி, மீன் சுவையில் பேஸ்ட் கிடைக்கிறது. முதல் சில நாள் அதை விரலில் வைத்து நக்க மட்டும் விடுங்கள். அடுத்து, விரலில் மெல்லிய துணி சுற்றிக் கோரைப் பல்லைத் தொட்டுப் பழக்குங்கள். பிறகு சின்ன, மென்மையான பிரஷ். வாயைத் திறக்க வைக்க வேண்டியதில்லை. கன்னத்துக்குள் பிரஷ்ஷைச் சாய்வாக நுழைத்து, பற்களின் வெளிப்புறத்தை ஈறோரமாகத் தேய்த்தால் போதும். உட்புறத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம்.

தினமும் செய்யுங்கள். பல்லில் படியும் அழுக்கு சில நாளிலேயே காரையாக இறுகிவிடும், அதன்பின் பிரஷ்ஷால் போகாது.