இட்லியை எண்ணாதீர்கள், அரிசியை எடை போடுங்கள்

“அம்மாவுக்குச் சர்க்கரை. மாற்று உணவுப் பட்டியலில் ஒரு பங்குக்கு எத்தனை இட்லி, எவ்வளவு சோறு என்று போடுவது?”

ஒரு பங்கு என்பது 15 கிராம் மாவுச்சத்து; அந்த அளவில் ஓர் உணவுக்குப் பதில் இன்னொன்றைச் சாப்பிடலாம். சோறாக என்றால், வேகும் முன் சுமார் 20 கிராம் இருந்த பச்சரிசி அல்லது புழுங்கலரிசியின் சோறு. இட்லி என்றால் பெரும்பாலும் ஒன்றரை.

இட்லித் தட்டு அளவு வீட்டுக்கு வீடு மாறும், கணக்கு இடிப்பது அங்கேதான். ஒருமுறை 400 கிராம் அரிசி, 100 கிராம் உளுந்து அரைத்து, மொத்த மாவுக்கும் எத்தனை இட்லி வருகிறது என்று எண்ணுங்கள். மொத்த மாவுச்சத்து ஏறக்குறைய 370 கிராம். 37 இட்லி வந்தால் ஒன்றுக்கு 10. அதே மாவில் தோசை ஊற்றினாலும் இப்படியே வகுத்துக்கொள்ளலாம்.

பங்கு சமமென்றாலும் சர்க்கரை ஒரே மாதிரி ஏறாது. அம்மா இன்சுலின் போடுகிறவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் பங்கைக் குறைக்காதீர்கள், தாழ்சர்க்கரை வரலாம்.