இரண்டு லூப் வேண்டாம், சார்ட் செய்தால் போதும்

கேள்வி: சார், ஒரு லிஸ்ட்டில் எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் வித்தியாசம் ரொம்பக் குறைவு என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு லூப் போட்டு எல்லா ஜோடியையும் கழித்துப் பார்த்தேன். பத்து எண்ணுக்குச் சரியாக வருகிறது, ஒரு லட்சம் எண் கொடுத்தால் முடியவே மாட்டேன் என்கிறது. சார்ட் செய்து பக்கத்து எண்ணை மட்டும் பார் என்கிறார் நண்பர். தூரத்தில் இருக்கிற ஜோடி விட்டுப்போகாதா?

பதில்: விட்டுப்போகாது, நண்பர் சொன்னது சரி. ஆனால் ஏன் சரி என்பதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள், அப்புறம் இந்தச் சந்தேகமே வராது.

47, 8, 112, 30, 95, 51, 19 என்று ஏழு எண்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சார்ட் செய்தால் 8, 19, 30, 47, 51, 95, 112. பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்தால் 11, 11, 17, 4, 44, 17 என்று வரும், ஆகவே விடை 4. அதைக் கொடுத்த 47-ம் 51-ம் உங்கள் பழைய லிஸ்ட்டில் முதல் இடத்திலும் ஆறாவது இடத்திலும் கிடந்தவை. தூரத்து ஜோடி என்று நீங்கள் பயப்படுகிறீர்களே, அதைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பதுதான் சார்ட்டின் வேலை.

சரி, சார்ட் செய்த பிறகும் பக்கத்தில் இல்லாத ஜோடிகள் இருக்கின்றனவே? 30-ஐயும் 51-ஐயும் எடுங்கள். நடுவில் 47 நிற்கிறது. 30-லிருந்து 51-க்குப் போக வேண்டுமானால் முதலில் 17, அப்புறம் 4 என்று இரண்டு எட்டு வைத்துத்தான் போக முடியும், மொத்தம் 21. எந்த எட்டும் மைனஸ் கிடையாது என்பதால், மொத்தம் எப்போதுமே அதிலுள்ள ஒவ்வொரு எட்டையும்விடக் குறையாது. அதாவது நடுவில் ஆள் இருக்கிற எந்த ஜோடியும் பக்கத்து ஜோடியை ஜெயிக்க முடியாது, அதிகபட்சம் சமமாக வரலாம். ஒரே எண் இரண்டு முறை வந்தாலும் அவை ஒட்டியே உட்காரும், விடை 0 என்று தானாக வந்துவிடும். இதற்குப் பயந்து `set` போட்டு ஒரே மாதிரி எண்களை நீக்கிவிடாதீர்கள், அந்த 0 காணாமல் போய்விடும்.

```python
a = list(map(int, input().split()))
a.sort()
best = a[1] - a[0]
for i in range(2, len(a)):
    best = min(best, a[i] - a[i-1])
print(best)
```

`best`-ஐ 0 என்று தொடங்காமல் முதல் ஜோடியின் வித்தியாசத்தில் தொடங்கியதைக் கவனியுங்கள். 0-வில் தொடங்கினால் கடைசி வரை 0-தான் இருக்கும். லிஸ்ட்டில் இரண்டு எண்ணாவது இருக்க வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

நேரக் கணக்கு இதுதான்: ஒரு லட்சம் எண்களில் ஏறக்குறைய 500 கோடி ஜோடிகள். வினாடிக்கு ஒரு கோடி வீதம் பார்த்தாலும் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். சார்ட் செய்ய 17 லட்சம் ஒப்பீடு போல ஆகும், அதற்குமேல் 99,999 கழித்தல், கண் இமைக்கும் நேரம்தான்.

இதில் ஆட்கள் நிஜமாகவே மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. `int` ஆக மாற்றாமல் சார்ட் செய்துவிடுவார்கள். 9, 10, 100 என்பவை எழுத்துகளாக இருந்தால் `"10"`, `"100"`, `"9"` என்று அகராதி வரிசையில் நிற்கும் (ஜாவாஸ்கிரிப்ட்டில் வெறும் `sort()` போட்டால் நிஜ எண்களுக்கே இந்தக் கதிதான், `sort((x, y) => x - y)` என்று எழுத வேண்டும்). அப்புறம் எண்ணாக்கிக் கழித்தால் 90, -91 என்று வரும், சரியான விடையோ 1. அதனால்தான் மேலே நான் `abs` போடவில்லை. சார்ட் சரியாக நடந்திருந்தால் மைனஸ் வரவே கூடாது, வந்தால் வரிசையில் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். `abs` போட்டால் அந்த அறிகுறி மறைந்து, 90 என்ற தப்பு விடை ரொம்ப ஒழுங்காகத் திரையில் வந்து நிற்கும்.

இன்னொன்று, எண்கள் கடிகார நேரமாக இருந்தால் மட்டும் ஒரு ஜோடி கூடுதலாகப் பார்க்க வேண்டும். 23:50, 00:05, 06:30 மணிக்குப் பஸ் இருக்கிறது. நிமிடமாக்கி சார்ட் செய்தால் 5, 390, 1430. பக்கத்து வித்தியாசம் 385, 1040. ஆனால் 23:50 பஸ்ஸுக்கும் 00:05 பஸ்ஸுக்கும் இடையில் வெறும் 15 நிமிடம்தானே! நாள் சுற்றி வருவதால் கடைசி எண்ணும் முதல் எண்ணும்கூட அக்கம்பக்கத்தார்தான். லூப் முடிந்த பிறகு இந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்:

```python
best = min(best, a[0] + 1440 - a[-1])
```